ஐம்பதா, நூறா? அலைதிருத்தியின் சிற்றலை சொல்லும் சேதி

வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்சாரம் ஒரு நொடிக்குள் 50 முறை முழுச் சுற்றாக ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு சுற்றும் 20 மில்லி நொடி நீளம். அதில் முதல் 10 மில்லி நொடி மின்னழுத்தம் நேர்ப்பக்கமாக ஏறி உச்சத்தைத் தொட்டு இறங்குகிறது. அடுத்த 10 மில்லி நொடி எதிர்ப்பக்கமாக அதையே செய்கிறது. வானொலிப் பெட்டி, ஒலிபெருக்கி, அழைப்பு மணி போன்றவற்றின் உள்ளே இருக்கும் சுற்றுகளுக்கு இந்த ஊசலாட்டம் உதவாது. திசை மாறாத, மட்டமும் மாறாத மின்னழுத்தம் வேண்டும். திசையைத் திருத்துவது அலைதிருத்தி. மட்டத்தைக் காப்பது அதன் பின்னால் நிற்கும் மின்தேக்கி. மின்தேக்கி எவ்வளவு காத்தாலும் சிறிது மேடுபள்ளம் மிஞ்சும். அதற்குச் சிற்றலை என்று பெயர். பழுது பார்ப்பவர்கள் ரிப்பிள் என்பார்கள். சிற்றலை எவ்வளவு உயரம் என்பதைவிட அது நொடிக்கு எத்தனை முறை வருகிறது என்பதில்தான் அதிகச் சேதி இருக்கிறது.

எடுத்துக்காட்டாக ஒரு சின்ன ஒலிபெருக்கியின் மின்வழங்கியைப் பார்க்கலாம். 230 வோல்ட்டை 12 வோல்ட்டாகக் குறைக்கும் மின்மாற்றி, அதன்பின் டையோடுகள், பிறகு 1000 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி. ஒலிபெருக்கி எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் 150 மில்லி ஆம்பியர். மின்மாற்றியின் மேல் 12 வோல்ட் என்று எழுதியிருப்பது பயனுறு மதிப்பு. அலையின் உச்சம் அதைவிட 1.414 மடங்கு அதிகம், அதாவது 17 வோல்ட். மின்தேக்கி நிரம்புவது இந்த உச்சத்தைப் பொறுத்து. 12 வோல்ட் மின்மாற்றியிலிருந்து 15, 16 வோல்ட் நேர்த்திசை மின்னழுத்தம் கிடைப்பதைப் பார்த்துப் புதிதாகக் கற்பவர்கள் குழம்புவது இதனால்தான்.

முதலில் மின்தேக்கி இல்லாமல் பார்ப்பது நல்லது. ஒரே ஒரு டையோடு வைத்தால் அது அரை அலைதிருத்தி. நேர் அரைச்சுற்றில் டையோடு வழிவிடுகிறது. தன் பங்குக்கு 0.7 வோல்ட்டை எடுத்துக்கொள்வதால் வெளியே வரும் உச்சம் 16.3 வோல்ட். எதிர் அரைச்சுற்றில் டையோடு அடைத்துக்கொள்கிறது. வெளியே ஒன்றுமே இல்லை. திரையில் பார்த்தால் ஒரு குன்று, பிறகு அதே அகலத்துக்குச் சமவெளி, மறுபடி ஒரு குன்று. இதன் சராசரி சுமார் 5 வோல்ட்டுதான். ஒரு குன்றின் உச்சியிலிருந்து அடுத்த குன்றின் உச்சிக்கு 20 மில்லி நொடி. ஆகவே இந்த வடிவம் நொடிக்கு 50 முறை திரும்பி வருகிறது.

நான்கு டையோடுகளைப் பிரிட்ஜாகக் கோத்தால் அது முழு அலைதிருத்தி. நேர் அரைச்சுற்றில் இரண்டு டையோடுகள் வழிவிடுகின்றன. எதிர் அரைச்சுற்றில் மற்ற இரண்டு வழிவிட்டு, கீழ்நோக்கிப் போக வேண்டிய அலையை மேல்நோக்கித் திருப்பிவிடுகின்றன. அலை வரைந்த தாளைப் பூஜ்ஜியக் கோட்டில் மடித்துக் கீழ்ப்பாதியை மேலே கொண்டுவந்தது போல இருக்கும். முன்பு சமவெளி இருந்த இடத்தில் இப்போது இன்னொரு குன்று. மின்னோட்டம் எப்போதும் இரண்டு டையோடுகளைக் கடந்து வருவதால் உச்சம் 15.6 வோல்ட்டாகச் சற்றுக் குறைகிறது. ஆனால் சராசரி 10 வோல்ட்டை நெருங்குகிறது. குன்றுக்குக் குன்று இடைவெளி 10 மில்லி நொடி. நொடிக்கு 100 குன்றுகள்.

சிற்றலையின் அதிர்வெண் இங்கேயே தீர்மானமாகிவிடுகிறது. வருகிற மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் அரை அலைதிருத்தியில் 50, முழு அலைதிருத்தியில் 100. பின்னால் எவ்வளவு பெரிய மின்தேக்கி வைத்தாலும், எவ்வளவு பளு ஏற்றினாலும் இந்த எண் மாறாது. மின்தேக்கி குன்றுகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தைத் தூர்க்குமே தவிர, குன்றுகளின் எண்ணிக்கையைக் கூட்டவோ குறைக்கவோ அதனால் முடியாது. மின்சாரம் 60 ஹெர்ட்ஸில் ஓடும் அமெரிக்காவில் இதே இரண்டு எண்கள் 60, 120 என்று இருக்கும்.

இனி மின்தேக்கியைச் சேர்க்கலாம். வீட்டு மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொண்டால் போதும். மோட்டார் சிறிது நேரம் ஓடித் தொட்டியை நிரப்புகிறது. குழாயில் தண்ணீர் நாள் முழுதும் வருகிறது. தொட்டியின் மட்டம் மோட்டார் ஓடும்போது சட்டென்று ஏறி, ஓடாதபோது மெல்ல இறங்குகிறது. மின்தேக்கியின் மின்னழுத்தமும் அப்படித்தான். குன்று ஏறும்போது டையோடு வழியாக மின்தேக்கி உச்சம் வரை நிரம்புகிறது. உச்சியைத் தாண்டிக் குன்று சரிவாக இறங்குகிறது. ஆனால் மின்தேக்கி அவ்வளவு வேகமாக இறங்குவதில்லை. டையோடின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் உயர்ந்துவிடுவதால் டையோடு மூடிக்கொள்கிறது. அந்த நொடியிலிருந்து ஒலிபெருக்கிக்குத் தேவையான மின்னோட்டம் முழுவதையும் மின்தேக்கி மட்டுமே கொடுக்கிறது. கொடுக்கக் கொடுக்க அதன் மின்னழுத்தம் ஏறக்குறைய நேர்கோடாகச் சரிகிறது. அடுத்த குன்று ஏறி வந்து அந்தச் சரிகோட்டைத் தொடும்போது டையோடு மறுபடி திறக்கிறது. திரையில் தெரிவது ரம்பப் பல் போன்ற ஒரு வடிவம்: ஒரு பக்கம் செங்குத்தான சிறு ஏற்றம், மறுபக்கம் நீண்ட சாய்வு.

சாய்வின் ஆழத்தைக் கணக்கிடப் பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும். மின்தேக்கி இழக்கும் மின்னழுத்தம், எடுக்கப்படும் மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கி, மின்தேக்கியின் அளவால் வகுத்தால் கிடைக்கும்:

ΔV = I × t / C

ஒரு பல்லின் முழு நீளத்தையும் நேரமாக எடுத்துக்கொண்டால் ΔV = I / (f × C) என்று பாடநூல்களில் வரும் சூத்திரம் கிடைக்கிறது. இதில் f என்பது சிற்றலையின் அதிர்வெண். சுவரிலிருந்து வரும் மின்சாரத்தின் அதிர்வெண் அல்ல. பிரிட்ஜ் வைத்த சுற்றுக்கு 50 என்று போட்டு விடையை இரட்டிப்பாக்குவது தேர்வுத்தாள்களில் எளிதில் நேர்ந்துவிடும் பிழை.

எடுத்துக்கொண்ட ஒலிபெருக்கிக்குப் பிரிட்ஜோடு இதைப் போட்டால், 0.15 ஆம்பியர், 10 மில்லி நொடி, 1000 மைக்ரோ ஃபாரட்: விடை 1.5 வோல்ட். உண்மையில் இது கொஞ்சம் கூடுதல் மதிப்பீடு. பல்லின் முழு நீளமும் சாய்வு அல்ல; கடைசிச் சிறு பகுதியில் டையோடு திறந்து நிரப்பத் தொடங்கிவிடுகிறது. அந்தப் பகுதியையும் அலையின் வளைவிலிருந்து கணக்கிட்டால் நிரப்பும் நேரம் சுமார் 1.25 மில்லி நொடி, இறங்கும் நேரம் 8.75 மில்லி நொடி, சிற்றலை 1.3 வோல்ட். மின்னழுத்தம் 15.6-க்கும் 14.3-க்கும் இடையில் ஊசலாடுகிறது. மல்ட்டிமீட்டரின் நேர்த்திசை அளவில் 15 வோல்ட் என்று தெரியும். சூத்திரம் தரும் எண் எப்போதும் சற்று மிகையாகவே இருப்பதால், மின்தேக்கி தேர்ந்தெடுக்க அதை நம்புவதில் தீங்கில்லை.

அதே மின்தேக்கியையும் அதே பளுவையும் ஒற்றை டையோடோடு வைத்தால் சூத்திரத்தின் விடை 3 வோல்ட். திருத்தமான கணக்கில் 2.7. மின்தேக்கி தனியாகத் தாங்க வேண்டிய நேரம் 8.75-லிருந்து சுமார் 18 மில்லி நொடியாக நீண்டுவிட்டதுதான் காரணம். அரை அலைதிருத்தியிலும் முழு அலைதிருத்தியின் சிற்றலையே போதும் என்று விரும்பினால் மின்தேக்கியை இருமடங்கு பெரிதாக்க வேண்டும். ஒரு மின்தேக்கியின் விலையைவிட மூன்று டையோடுகளின் விலை குறைவு. தவிர, அரை அலையில் மின்மாற்றியின் சுருள் வழியே மின்னோட்டம் ஒரே திசையில் மட்டும் ஓடி இரும்பு உள்ளகத்தை ஒருபக்கமாகக் காந்தமேற்றி, தேவையில்லாமல் சூடாக்குகிறது. மிகச் சிறு மின்னோட்டம் போதுமான இடங்களைத் தவிர அரை அலைதிருத்திக்கு மின்வழங்கிகளில் இன்று நியாயம் இல்லை.

அந்த 1.25 மில்லி நொடியைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். ஒலிபெருக்கி 10 மில்லி நொடியும் தொடர்ந்து எடுக்கும் மின்னூட்டத்தை டையோடுகள் அதில் எட்டில் ஒரு பங்கு நேரத்துக்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். ஆகவே பளுவில் ஓடுவது சீரான 150 மில்லி ஆம்பியர் என்றாலும் டையோடு வழியே பாய்வது எட்டு மடங்கு, 1.2 ஆம்பியர் அளவுக்குத் துடிப்புத் துடிப்பாக. மின்தேக்கியைப் பெரிதாக்கினால் சிற்றலை குறையும். ஆனால் நிரப்பும் நேரமும் சுருங்கும், துடிப்பு இன்னும் உயரும். ஒரு வரம்புக்கு மேல் மின்தேக்கியைக் கூட்டுவதால் கிடைக்கும் நன்மை அற்பம். மின்மாற்றிக்கும் டையோடுக்கும் ஏறும் சூடும், சுவிட்ச் போட்ட கணத்தில் காலியான மின்தேக்கி இழுக்கும் மின்னோட்டமும் கணிசம். மீதிச் சிற்றலையை நீக்க மின்னழுத்தச் சீராக்கியைப் பயன்படுத்துவதுதான் சரியான வழி.

கடைகளில் கிடைக்கும் 7812 என்ற மூன்று கால் சீராக்கி, உள்ளே வரும் மின்னழுத்தத்தில் மேடுபள்ளம் இருந்தாலும் வெளியே 12 வோல்ட்டைச் சீராகத் தரும். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. உள்ளே வருவது வெளியே போவதைவிட ஏறத்தாழ 2 வோல்ட்டாவது எப்போதும் அதிகமாக இருக்க வேண்டும். அதாவது 14 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. சராசரி 14-க்கு மேல் இருந்தால் போதாது. பள்ளத்தின் அடியும் 14-க்கு மேலேயே இருக்க வேண்டும். பிரிட்ஜோடு கிடைத்த பள்ளம் 14.3. நிபந்தனை மயிரிழையில் நிறைவேறுகிறது. ஒலிபெருக்கி சத்தமில்லாமல் பாடுகிறது.

சில ஆண்டுகள் ஓடிய பிறகு அந்த ஒலிபெருக்கியில் “உம்ம்” என்று ஓர் அடிநாதம் கேட்கத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு காரணங்களுக்கு வாய்ப்பு அதிகம். மின்தேக்கியின் உள்ளே இருக்கும் மின்பகு திரவம் சூட்டில் மெல்ல வறண்டு அதன் கொள்திறன் குறைந்திருக்கலாம். அல்லது பிரிட்ஜின் நான்கு டையோடுகளில் ஒன்று துண்டித்துப்போயிருக்கலாம். அதன் ஈயப்பற்று விட்டுப்போயிருந்தாலும் விளைவு ஒன்றே. டையோடு ஒன்று போனால் ஓர் அரைச்சுற்று முழுவதும் வழியடைந்து, முழு அலைதிருத்தி சத்தமில்லாமல் அரை அலைதிருத்தியாக மாறிவிடுகிறது.

இரண்டு பழுதுகளின் சிற்றலையையும் கணக்கிட்டால் வியப்பான ஒற்றுமை தெரியும். டையோடு ஒன்று போன பிரிட்ஜில், 1000 மைக்ரோ ஃபாரட் நல்ல நிலையில் இருக்க, சிற்றலை 2.7 வோல்ட். நான்கு டையோடுகளும் நன்றாக இருந்து மின்தேக்கி மட்டும் 450 மைக்ரோ ஃபாரட்டுக்கு வறண்டிருந்தால் அங்கேயும் சிற்றலை 2.7 வோல்ட். இரண்டிலும் பள்ளம் 12.9-க்கு இறங்குகிறது. இரண்டிலும் சீராக்கி ஒவ்வொரு பள்ளத்திலும் தன் 12 வோல்ட்டைக் கைவிடுகிறது. அந்தச் சரிவுதான் ஒலிபெருக்கியில் உறுமலாகக் கேட்கிறது. நேர்த்திசை மின்னழுத்தத்தை மல்ட்டிமீட்டரில் பார்த்தால் இரண்டிலும் 14.2 வோல்ட் அளவில் ஒரே எண்தான். முன்பு இருந்த 15-லிருந்து முக்கால் வோல்ட்டுதான் குறைவு என்பதால், பார்ப்பவர் அதைச் சுவர் மின்சாரத்தின் ஏற்ற இறக்கம் என்று தள்ளிவிடக்கூடும்.

இரண்டையும் பிரித்துக் காட்டுவது அதிர்வெண் ஒன்றே. மின்தேக்கி வறண்டால் பல் ஆழமாகும், ஆனால் 10 மில்லி நொடிக்கு ஒன்று என்பது மாறாது: 100 ஹெர்ட்ஸ். டையோடு போனால் ஒன்றுவிட்டு ஒரு குன்று மறைந்து பல் 20 மில்லி நொடிக்கு நீளும்: 50 ஹெர்ட்ஸ்.

அலைநோக்கி இருந்தால் பார்ப்பது எளிது. மாறுதிசை இணைப்பில் வைத்து, ஒரு கட்டத்துக்கு 5 மில்லி நொடி என்று அமைத்தால், நல்ல பிரிட்ஜின் பல் இரண்டு கட்டம் அகலம் இருக்கும். டையோடு போன பிரிட்ஜின் பல் நான்கு கட்டம். அதிர்வெண் காட்டும் மல்ட்டிமீட்டரை மின்தேக்கியின் இரு கால்களில் வைத்தும் எண்ணை நேரடியாகப் படிக்கலாம். மாறுதிசை வோல்ட் அளவில் வைத்தால் சிற்றலையின் உயரமும் ஓரளவு தெரியும்: ரம்பப் பல்லின் முழு உயரத்தை 3.5-ஆல் வகுத்தது போன்ற எண் வரும், ஆக 1.3 வோல்ட் சிற்றலைக்கு 0.4, 2.7-க்கு 0.8. ஆனால் சில மலிவான மீட்டர்கள் மாறுதிசை அளவில் நேர்த்திசை மின்னழுத்தத்தைத் தடுக்காமல் உள்ளே விட்டுப் பெரிய பொய் எண்ணைக் காட்டும். 9 வோல்ட் பேட்டரியை மாறுதிசை அளவில் தொட்டுப் பார்த்தால் மீட்டரின் குணம் தெரிந்துவிடும். நல்ல மீட்டர் பூஜ்ஜியத்தில் நிற்கும். மற்றது ஒரு பக்கம் வைத்தால் இருமடங்கு போன்ற எண்ணையும், கம்பிகளைப் புரட்டி வைத்தால் பூஜ்ஜியத்தையும் காட்டும்.

கருவி இல்லாதவருக்குக் காது ஓரளவு உதவும். 50 ஹெர்ட்ஸுக்கும் 100 ஹெர்ட்ஸுக்கும் இடையில் சரியாக ஒரு ஸ்தாயி வித்தியாசம். கீழ் ஸட்ஜமத்துக்கும் மேல் ஸட்ஜமத்துக்கும் உள்ள தூரம். ஆனால் காதை முழுதும் நம்ப முடியாது. ரம்பப் பல் தூய ஒற்றைச் சுரம் அல்ல. 50 ஹெர்ட்ஸ் பல்லில் 100, 150, 200 என்ற மேற்சுரங்களும் சேர்ந்தே ஒலிக்கும். கையளவு ஸ்பீக்கரால் 50 ஹெர்ட்ஸைச் சரியாக ஒலிக்க முடியாததால் மேற்சுரங்கள் மட்டும் கேட்டு, 100 ஹெர்ட்ஸ் என்றே தோன்றிவிடும்.

இன்னும் இரண்டு இடங்களில் ஏமாற வாய்ப்பு உண்டு. ஒலிபெருக்கியில் கேட்கும் 50 ஹெர்ட்ஸ் எல்லாம் டையோடிலிருந்து வருவதில்லை. மைக்கின் கவசக் கம்பி அறுந்திருந்தால், சுற்றிலும் உள்ள மின்கம்பிகளின் 50 ஹெர்ட்ஸ் நேராக உள்ளே நுழைந்துவிடும். ஒலியளவுத் திருகைக் குறைத்தால் உறுமலும் குறைகிறது என்றால் அது திருகுக்கு முன்னாலேயே நுழைகிறது. மின்வழங்கியைக் குறை சொல்வதற்கில்லை. திருகைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்தும் மாறாமல் நிற்கும் உறுமலுக்கே மின்தேக்கியின் கால்களில் அளந்து பார்க்க வேண்டும். இரண்டாவது, டையோடு முழுதும் போகாமல் அதன் பற்று மட்டும் தளர்ந்திருந்தால் ஒன்றுவிட்டு ஒரு குன்று குட்டையாக வரும். திரையில் பெரிய பல்லும் சிறிய பல்லும் மாறிமாறி நிற்கும். அதிர்வெண் மீட்டர் அதை 50 என்றும் சொல்லலாம், 100 என்றும் சொல்லலாம். அலைநோக்கிதான் உண்மையைக் காட்டும். நடுமுனை உள்ள மின்மாற்றியில் இரு பாதிச் சுருள்களும் சமமாக இல்லாவிட்டாலும் இதே காட்சிதான்.

இந்த அளவெல்லாம் மின்மாற்றிக்குப் பின்னால் 12 வோல்ட் பக்கத்தில் மட்டும் செய்ய வேண்டியவை. கைபேசி சார்ஜர், கணினி போன்றவற்றின் சுவிட்ச் முறை மின்வழங்கிகளில் 230 வோல்ட் நேராகப் பிரிட்ஜுக்குப் போகிறது. அங்கே உள்ள முதல் மின்தேக்கியில் இதே 100 ஹெர்ட்ஸ் ரம்பப் பல்தான் இருக்கும், ஆனால் 325 வோல்ட் உயரத்தில். பிளக்கைக் கழற்றிய பின்னும் அந்த மின்னூட்டம் உயிரைப் பறிக்கும் அளவுக்குத் தங்கியிருக்கலாம். பயிற்சி இல்லாதவர் அதைத் திறக்கக் கூடாது.

12 வோல்ட் ஒலிபெருக்கியில் எண் 50 என்று வந்தால், மின்சாரத்தை நிறுத்தி, மின்தேக்கியை ஒரு மின்தடை வழியே காலியாக்கிவிட்டு நான்கு டையோடுகளையும் அவற்றின் பற்றுகளையும் சோதிக்க வேண்டும். எண் 100 என்றிருந்து பல் மட்டும் ஆழமாகியிருந்தால் மின்தேக்கியை மாற்ற வேண்டும். புதியதை வாங்கும்போது 1000 மைக்ரோ ஃபாரட் என்று மட்டும் கேட்டால் போதாது. பளு இல்லாத நேரத்தில் மின்மாற்றி தன் மேல் எழுதிய 12 வோல்ட்டைத் தாண்டியே கொடுக்கும். சுவர் மின்சாரமும் சில நேரம் 230-ஐத் தாண்டும். 16 வோல்ட் தாங்கும் மின்தேக்கி இந்த இடத்துக்குக் காணாது. 25 வோல்ட் தாங்குவதை வாங்கி, எதிர்முனைக் கோடு எந்தப் பக்கம் என்று பார்த்துப் பற்றவைக்க வேண்டும்.